எங்கள் மணி

எங்கள் மணி நேற்று விடியற்காலையில் போய்விட்டான். 14 வயது; நாட்டு நாய்க்கு அது நிறைவான ஆயுள்தான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. சிறுநீரகக் கோளாறு. கடைசி நாட்களில் அம்மா பிசைந்து ஊட்டிய தயிர் சாதம் மட்டும்தான் இறங்கியது.

பால்காரர் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே வாலை ஆட்டிக்கொண்டு கேட்டில் நிற்பான். தீபாவளி என்றால் கட்டிலுக்கு அடியில்தான். வெடிச்சத்தம் ஓயும்வரை அப்பாவும் பக்கத்தில் பாய் விரித்து, அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டே படுத்திருப்பார். அப்பா நேற்றிலிருந்து அதிகம் பேசவில்லை.

கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். தெருப் பிள்ளைகள் செம்பருத்தி பறித்துக்கொண்டு வந்தார்கள். அவனை விசாரித்துக்கொண்டே இருந்த அத்தனை பேருக்கும் நன்றி. அவன் படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், அப்பா கேட்கிறார்.