பொருள்: இன்வாய்ஸ் 118/2024-25, ரோட்டர்டாம் – 2 x 40 அடி ஹைகியூப் – லைன் பி.எல்., மற்ற ஆவணங்கள், கப்பல் விவரம் தேவை

12.03.2025, பொள்ளாச்சி

வணக்கம் முத்துராஜ் சார்,

மார்ச் 3-ஆம் தேதி எங்கள் ஃபேக்டரியில் ஸ்டஃப்பிங் முடிந்து தூத்துக்குடிக்குப் போன கோகோபீட் பிளாக் சரக்கு பற்றி எழுதுகிறேன். இரண்டு கண்டெய்னர், 40 பேலட், 8,800 பிளாக். கண்டெய்னர் எண்களின் கடைசி நான்கு இலக்கம் 4417, 2093. ஷிப்பிங் பில் நம்பரும் சீல் நம்பர்களும் உங்கள் கிளியரன்ஸ் பையனிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஃபீடர் 8-ஆம் தேதி சனிக்கிழமை கிளம்பிவிட்டதாகப் போனில் சொன்னீர்கள். அதற்குப் பிறகு எழுத்தில் வந்தது நேற்று மாலை அனுப்பிய டிராஃப்ட் பி.எல். மட்டும்தான். அதை அப்படியே அப்ரூவ் பண்ண முடியாது. காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எடை. டிராஃப்ட்டில் கிராஸ் வெயிட் 52,800 கிலோ என்று வந்திருக்கிறது. எங்கள் பேக்கிங் லிஸ்டிலும் ஷிப்பிங் பில்லிலும் 45,000 கிலோ. 44,000 கிலோ சரக்கு, மீதி ஆயிரம் கிலோ பேலட். வித்தியாசம் 7,800 கிலோ, அதாவது கண்டெய்னருக்கு 3,900. இது காலி கண்டெய்னரின் டேர் எடை. வி.ஜி.எம். சிலிப்பில் டேரோடு சேர்ந்த எடை இருக்கும், அதை யாரோ பி.எல்.லின் கிராஸ் வெயிட் கட்டத்தில் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் அனுப்பிய ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்ஷனில் 45,000 என்றுதான் இருக்கிறது. பேங்கில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எடை மாறினால் உடனே டிஸ்கிரெபன்ஸி என்று திருப்பிவிடுவார்கள். லைனில் மேனிஃபெஸ்ட் ஏற்கெனவே மூடியிருந்து திருத்தக் கட்டணம் கேட்டால், தயவுசெய்து அதை எங்கள் பில்லில் சேர்க்க வேண்டாம்.

இரண்டாவது, அதைவிடப் பெரிய விஷயம். வந்திருப்பது உங்கள் ஹவுஸ் பி.எல். டிராஃப்ட். புக்கிங் போடும்போதே லைன் பி.எல். வேண்டும் என்று பேசியிருந்தோம், எல்.சி. நகலையும் அனுப்பியிருந்தேன். ஃபார்வர்டர் கொடுக்கும் பி.எல். ஏற்கப்படாது என்று அதில் தனி வரியே இருக்கிறது. லைன் நேரடியாக வெளியிட்டு, கேரியர் சார்பில் கையெழுத்திட்ட பி.எல். மூன்று ஒரிஜினலும் மூன்று நகலும் வேண்டும். ஷிப்பர் எங்கள் கம்பெனி, கன்சைனி இடத்தில் எல்.சி. திறந்த பேங்கின் ஆர்டருக்கு, நோட்டிஃபை பார்ட்டி நெதர்லாந்து பையர், ஃப்ரெய்ட் ப்ரீபெய்ட். கொழும்பில் டிரான்ஷிப்மென்ட் ஆவதால் பி.எல்.லில் மதர் வெசல் பெயர் மட்டும் வந்து நிற்கும் வாய்ப்பு இருக்கிறது. அப்படி வராமல், தூத்துக்குடி, ஃபீடர் பெயர், வாயேஜ், ஏற்றிய தேதி நான்கும் ஆன்-போர்டு குறிப்பில் தெளிவாக இருக்க வேண்டும். டிரான்ஷிப்மென்ட்டுக்கு எல்.சி.யில் அனுமதி உண்டு, அதில் பிரச்சினை இல்லை.

தேதிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார். எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் தேதி மார்ச் 15, அதற்குள் ஏற்றிவிட்டோம். ஏற்றியதிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும், அதாவது மார்ச் 29 சனிக்கிழமை. அது கடைசி நாள்தான், அன்றைக்குப் போய் கவுன்டரில் நிற்கிற விஷயம் இல்லை. எங்கள் பேங்க் சரிபார்க்கவே மூன்று வேலை நாள் கேட்கிறது, ஏதாவது தப்பு கண்டுபிடித்தால் திருத்தி மறுபடி கொடுக்கவும் நேரம் வேண்டும். அதனால் ஒரிஜினல் பி.எல். மார்ச் 17 திங்கட்கிழமைக்குள் என் கையில் இருந்தால்தான் நிம்மதி. லைனுடைய கோவை ஆபீஸிலேயே பிரின்ட் எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். தூத்துக்குடியிலிருந்து கூரியரில் வர ஒரு நாள் வீணாகும், எங்கள் ஆள் கோவையில் போய் வாங்கிக்கொள்வான். உங்கள் பில் வந்தவுடன் அன்றைக்கே பணம் அனுப்பிவிடுகிறோம். ஓஷன் ஃப்ரெய்ட், டி.எச்.சி., பி.எல். கட்டணம், கிளியரன்ஸ் எல்லாம் தனித்தனி வரியாக, ஜி.எஸ்.டி. நம்பரோடு இருக்கட்டும். ஒரே தொகையாகப் போட்டால் எங்கள் அக்கவுன்ட்ஸில் திருப்பி அனுப்புவார்கள், அதில் இரண்டு நாள் போய்விடும்.

மற்ற ஆவணங்கள்: லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர் ஆன ஷிப்பிங் பில் நகல், பேலட்டுகளுக்கான ஃப்யூமிகேஷன் சான்றிதழ் ஒரிஜினல் (எல்.சி.யில் கேட்டிருக்கிறார்கள்), இரண்டு கண்டெய்னரின் வி.ஜி.எம். சிலிப், ஃப்ரெய்ட் சர்டிஃபிகேட். ஆரிஜின் சான்றிதழை நாங்களே ஆன்லைனில் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அதில் போட லைன் பி.எல். நம்பரும் கப்பல் பெயரும் வேண்டும். ஒரிஜினல் பிரின்ட் ஆகும்வரை காத்திருக்காமல் நம்பரை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இ.ஜி.எம். விஷயத்தையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இன்று காலை ICEGATE-இல் எங்கள் ஷிப்பிங் பில்லைப் போட்டுப் பார்த்தேன், இ.ஜி.எம். நம்பர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கப்பல் போய் நான்கு நாள்தானே ஆகிறது, லைன் இன்னும் ஃபைல் பண்ணாமல் இருக்கலாம். ஆனால் ஃபைல் பண்ணும்போது கண்டெய்னர் நம்பரோ ஷிப்பிங் பில் நம்பரோ மாறிப்போனால் எர்ரரில் போய் உட்கார்ந்துவிடும், எங்கள் ஐ.ஜி.எஸ்.டி. ரீஃபண்டும் அதோடு நிற்கும். மார்ச் மாதக் கடைசியில் இது எவ்வளவு தலைவலி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம்பரும் தேதியும் வந்ததும் ஒரு மெசேஜ் போடுங்கள், போதும்.

கடைசியாக டிராக்கிங். பையர் தினமும் மெயில் போடுகிறார். அங்கே நர்சரிக்காரர்களுக்கு இதுதான் சீசன், எந்த வாரம் ரோட்டர்டாமில் இறங்கும் என்று தெரிந்தால்தான் அவர் லாரியும் கிடங்கும் ஏற்பாடு செய்வார். லைனின் வெப்சைட்டில் கண்டெய்னர் நம்பர் போட்டால் இரண்டுமே “Gate In” என்பதோடு நிற்கின்றன, 5-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு வரிகூட ஏறவில்லை. அதைப் பார்த்துவிட்டு, சரக்கு தூத்துக்குடி யார்டிலேயே கிடக்கிறதா என்று பையர் கேட்கிறார். நீங்கள் சொன்னதை வைத்து இல்லை என்று பதில் எழுதிவிட்டேன். ஆனால் ஏற்றியதற்கான ஆதாரம் ஏதாவது ஒன்று, லோடிங் லிஸ்டோ லைனின் மெயிலோ, நீங்கள் அனுப்பினால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பு.

ஃபீடரின் பெயர், வாயேஜ் நம்பர், கொழும்பு போய்ச் சேர்ந்த தேதி, அங்கே எந்த மதர் வெசலில் ஏறுகிறது, அது எப்போது கிளம்புகிறது, ரோட்டர்டாம் இ.டி.ஏ. என்ன, இவ்வளவும் வேண்டும். இரண்டு கண்டெய்னரும் ஒரே மதர் வெசலில்தான் போகின்றனவா என்பதைக் கட்டாயம் உறுதி செய்யுங்கள். ஒன்று பின்தங்கிவிட்டால் அதை நாங்கள்தான் முதலில் பையரிடம் சொல்ல வேண்டும், அவர் கண்டுபிடித்து எங்களிடம் சொல்லக் கூடாது. செங்கடல் பிரச்சினைக்குப் பிறகு பெரும்பாலான கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போகின்றன என்பதால், இ.டி.ஏ. அந்தப் பாதைக் கணக்கில் போட்டதா, பழைய சூயஸ் கணக்கா என்றும் கேட்டுச் சொல்லுங்கள். ரோட்டர்டாமில் டெலிவரிக்கு யாரைத் தொடர்புகொள்வது, ஃப்ரீ டேஸ் எத்தனை என்பதையும் சேர்த்து அனுப்பினால் பையருக்கு ஒரே மெயிலில் எல்லாவற்றையும் முடித்துவிடுவேன்.

அவசரம் எது என்றால்: ஏற்றியதற்கான ஆதாரமும் கப்பல் விவரமும் இன்று மாலைக்குள், திருத்திய லைன் பி.எல். டிராஃப்ட் நாளை மதியத்துக்குள். டிராஃப்ட் வந்த ஒரு மணி நேரத்தில் பார்த்து அப்ரூவல் கொடுத்துவிடுகிறேன், இரவு ஆனாலும் பரவாயில்லை. மற்றவை 17-ஆம் தேதி ஒரிஜினலோடு சேர்ந்து வந்தால் போதும். லைன் பக்கம் ஏதாவது இழுத்தடித்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், நான் பேங்கில் முன்கூட்டியே பேசி வைக்கிறேன்.

நன்றி சார்.

கவிதா
ஏற்றுமதிப் பிரிவு, பொள்ளாச்சி

இணைப்பு: எல்.சி. நகல், ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்ஷன், பேக்கிங் லிஸ்ட், திருத்தம் குறித்த டிராஃப்ட் பி.எல்.