தீபாவளி போனஸ் 2024-25: கணக்கிட்ட முறை

கணபதி, கோயம்புத்தூர்
08.10.2025

நம் பட்டறையின் தொழிலாளர் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு போனஸ் 10 சதவீதம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை அவரவர் ஈட்டிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி ஆகிய இரண்டின் கூட்டுத்தொகைக்கே இந்தச் சதவீதம் கணக்கிடப்பட்டுள்ளது; ஓவர்டைம் கூலியும் பயணப்படியும் இதில் சேரவில்லை. மாதம் 14,000 ரூபாய் வீதம் ஆண்டு முழுவதும் வேலை செய்தவருக்கு மொத்தம் 1,68,000 ரூபாய் ஆவதால், அவருக்கு 16,800 ரூபாய் கிடைக்கும். அதே சம்பளத்தில் அக்டோபர் முதல் தேதி சேர்ந்தவருக்கு ஆறு மாதக் கணக்கில் 8,400 ரூபாய்.

சம்பளமில்லா விடுப்பு எடுத்த நாள்களுக்குப் போனஸ் குறையும். ஆனால் பட்டறையில் வேலையின்போது காயமடைந்து ஓய்விலிருந்த நாள்களை வேலை நாள்களாகவே சேர்த்திருக்கிறேன். அதைக் குறைப்பது நியாயமே அல்ல.

சென்ற ஆண்டு 12 சதவீதம் கொடுத்தோம். பம்ப் உதிரிபாக ஆர்டர் குறைந்ததும், வார்ப்பு விலை உயர்ந்தும் நம் ஜாப் ஒர்க் கூலி உயராததும் இவ்வாண்டு லாபத்தைக் குறைத்துவிட்டன. பத்துப் பேருக்குக் குறைவான நம் பட்டறைக்குப் போனஸ் சட்டம் கட்டாயமில்லை என்றாலும், அச்சட்டம் கூறும் குறைந்தபட்ச 8.33 சதவீதத்துக்குக் கீழே இறங்க எனக்கு மனமில்லை.

முன்பணம் எதுவும் இதில் பிடிக்கப்படாது. அக்டோபர் 15, புதன்கிழமை அவரவர் வங்கிக் கணக்கில் தொகை வரவாகும். கணக்கில் ஐயம் இருப்பவர்கள் அதற்குள் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் என்னிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்