ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் ஒரு வேலை நாளுக்குள் முதல் பதில்: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

தஞ்சாவூர், திருவாரூர் அலுவலகங்கள் இரண்டுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். யார் புல் ரிக்வெஸ்ட் திறந்தாலும் ஒரு வேலை நாளுக்குள் அவருக்கு முதல் பதில் கிடைத்துவிட வேண்டும். இதை நம் குழுவின் வழக்கமாக்கிக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு.

சென்ற குறுவைக் கொள்முதலின்போது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நெல்லின் ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்று நம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அறுவடை மழையில் சிக்கும் ஆண்டுகளில் மத்திய அரசு இந்த வரம்பைத் தளர்த்துவது உண்டு. அதனால் அந்த எண்ணை அமைப்புகள் பக்கத்துக்கு மாற்றி, பணியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் திருத்தம் அனுப்பினார். பத்து வரிகூட இருக்காது. வியாழக்கிழமை காலையில் திறந்தது, அடுத்த புதன்கிழமை வரை ஒரு சொல்கூட இல்லாமல் கிடந்தது. அதற்குள் அதே கோப்பில் வேறு இரண்டு மாற்றங்கள் மெர்ஜ் ஆகி மோதல் வந்துவிட்டது. அவர் மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்தார். கடைசியில் அதை ரிவியூ செய்யக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஏன் யாரிடமும் கேட்கவில்லை என்று பிறகு விசாரித்தேன். "சார் வேலையாக இருப்பார், எப்படித் தொந்தரவு செய்வது?" என்றார். என்னை இதை எழுத வைத்தது அந்தப் பதில்தான். நமக்கு அது மறந்துபோன ஒரு மின்னஞ்சல் அறிவிப்பு. அவருக்கோ, தன் வேலை சரியா தவறா என்றே தெரியாமல் கழிந்த ஒரு வாரம்.

முதல் பதில் என்றால் ஒப்புதல் என்று பொருளில்லை. "நாளை மதியம் பார்க்கிறேன்" என்பதும் பதில்தான். "இது பெரிதாக இருக்கிறது, இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள்", "பணப்பட்டுவாடா பகுதி எனக்குத் தெரியாது, இன்னாரிடம் கேளுங்கள்" என்பவையும் அப்படியே. ஆனால் தானியங்கிச் சோதனையின் பச்சைக்குறியும் கட்டைவிரல் படமும் பதிலாகா. ஒரு மனிதர் படித்துப் பார்த்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கூகுள் வெளியிட்டிருக்கும் நிரல் மதிப்பாய்வு வழிகாட்டியும் பதிலுக்கு அதிகபட்சம் ஒரு வேலை நாள் என்றே சொல்கிறது. ஆகவே, நடக்காத காரியத்தை நான் கேட்கவில்லை.

கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டியதில்லை. காலையில் வந்ததும் ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை இந்தக் கட்டளையை ஓட்டிப் பார்த்தால் போதும். காத்திருப்பவை பழையதிலிருந்து வரிசையாக வரும்:

```
gh pr list --search "review:none draft:false sort:created-asc"
```

வேலை நாள் என்பது ரிவியூ செய்கிறவரின் ஊரைப் பொறுத்தது. சதய விழாவுக்குத் தஞ்சாவூரில் விடுமுறை விட்டாலும் திருவாரூரில் அலுவலகம் நடக்கும். ஆழித்தேர் அன்று நிலைமை நேர்மாறு. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நாள்களுக்கு முந்தைய மாலையே தன் பங்கை மற்ற ஊர்க்காரரிடம் ஒப்படைத்துவிடலாம்.

மூத்தவர்கள் சிலருக்கு இது கூடுதல் சுமையாகும் என்ற கவலை நியாயமானது. CODEOWNERS கோப்பில் பணப்பட்டுவாடா, எடைச்சீட்டு இரண்டுக்குமே ஒரே ஒருவரின் பெயர்தான் இருக்கிறது. அவர் விடுப்பில் போனால் எல்லாமே நின்றுபோகும். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டாவது பெயர் ஒன்றைச் சேர்க்காமல் இந்த வழக்கத்தைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அனுப்புகிறவர்களுக்கும் கடமை உண்டு. முடியாத வேலையை டிராஃப்டாகவே வையுங்கள். என்ன மாற்றினீர்கள், எப்படிச் சோதித்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். ஒரு நாள் கடந்தும் பதில் இல்லையென்றால் குழு அரட்டையில் இணைப்பைப் போட்டு வெளிப்படையாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது, குறிப்பாக மூத்தவர்கள்.

ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை இதை நடத்திப் பார்க்கலாம். அக்டோபரில் கொள்முதல் சூடுபிடிப்பதற்குள் எது சரிப்பட்டு வருகிறது, எது வரவில்லை என்று தெரிந்துவிடும். பதில் தாமதமானால் யாரால் என்று கணக்கெடுக்கும் எண்ணம் இல்லை. எந்தப் பகுதியில் ஆள் போதவில்லை என்பதை மட்டும் பார்ப்போம்.

மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் இதற்கே பதில் எழுதுங்கள். இரண்டாவது பெயராகச் சேர விருப்பமுள்ளவர்கள் எந்தப் பகுதி என்பதையும் குறிப்பிடுங்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம்.

அன்புடன்,
சர்வர் பிரிவுப் பொறுப்பாளர்,
தஞ்சாவூர் அலுவலகம்