சுமை தாங்கும் சுவரும் சட்டகமும்: முதலாண்டு ஒப்பீட்டுக் கட்டுரையை அமைக்கும் முறை

இரண்டாம் பருவக் கட்டுரைக்கு 1,500 சொற்கள். காலம் 1880 முதல் 1930 வரை. உலகிலுள்ள கட்டடங்களையெல்லாம் இழுத்து வராதீர்கள், ஒரே ஒரு கட்டடம் போதும்: சிகாகோவின் மோனாட்நாக். அதன் 16 மாடி வடக்குப் பாதியை பர்ன்ஹாம் & ரூட் வடிவமைத்தார்கள். 1891-ல் முடிந்தது, வெளிச்சுவர்கள் சுமை தாங்கும் செங்கல் சுவர்கள். ஹோலாபேர்ட் & ரோச் வடிவமைத்த தெற்குப் பாதி 1893-ல் முடிந்தது. அதைத் தாங்குவது எஃகுச் சட்டகம். ஊர், மண், பயன்பாடு எல்லாம் ஒன்றே என்பதால் கட்டமைப்பால் வந்த வேறுபாட்டைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குவது அமைப்பில்தான். முதல் 700 சொல் சுவருக்கு, அடுத்த 700 சொல் சட்டகத்துக்கு என்று எழுதினால் இரண்டு குறிப்புகள் கிடைக்கும், ஒப்பீடு கிடைக்காது. பத்திக்கு ஒரு கேள்வி வைத்து, அதே பத்தியில் இரண்டு பாதிகளையும் அதற்குப் பதில் சொல்ல வையுங்கள். முன்னுரைக்கு 150, சுமை இறங்கும் வழிக்கு 450, திறப்புகளுக்கும் தரைப்பரப்புக்கும் 350, காற்றுக்கும் அஸ்திவாரத்துக்கும் 350, முடிவுக்கு 200 சொற்கள்.

முன்னுரையில் 'தொன்றுதொட்டு மனிதன்' என்று தொடங்காமல், உங்கள் வாதத்தை மூன்றாவது வாக்கியத்துக்குள் சொல்லிவிடுங்கள். உதாரணமாக:

"வடக்குப் பாதியில் சுவர் கட்டடத்தைத் தாங்குகிறது, தெற்குப் பாதியில் கட்டடம் சுவரைத் தாங்குகிறது. இந்த மாற்றம் முகப்பில் தெரிவதைவிடத் தரைத்தள வரைபடத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது."

சுமைப் பகுதியில் சங்கிலியை ஒரு கண்ணிகூட விடாமல் எழுதுங்கள். சுவரில்: தளம், உத்தரம், சுவர், அஸ்திவாரம், மண். சட்டகத்தில்: தளம், துணை உத்தரம், முதன்மை உத்தரம், தூண், அஸ்திவாரம், மண். சட்டகத்தில் வெளிச்சுவரின் எடையையும் சட்டகமே ஏற்று, உத்தரம் வழியாகத் தூணுக்குக் கொண்டுபோகிறது. இந்த ஒரு வரி விடுபட்டால் மீதி வாதம் நிற்காது.

வடக்குப் பாதியின் சுவர் அடியில் ஏறத்தாழ 1.8 மீட்டர் தடிமன். 'தன் எடையைத் தாங்கத்தான் இவ்வளவு தடிமன்' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். செங்கல் கட்டின் எடை கனமீட்டருக்குச் சுமார் 20 கிலோநியூட்டன். 60 மீட்டர் உயரத்துக்கு அடியில் வரும் தகைவு 20 × 60 = 1,200 கிலோபாஸ்கல், அதாவது 1.2 மெகாபாஸ்கல். இந்தக் கணக்கில் தடிமன் வரவேயில்லை! சுவர் முழுதும் ஒரே தடிமன் என்றால், இருமடங்கு தடித்த சுவருக்கு எடையும் இருமடங்கு, அதைத் தாங்கும் பரப்பும் இருமடங்கு. தடிமன் தேவைப்படுவது தளங்களின் சுமைக்கும், உயரமான சுவர் பிதுங்காமலும் சாயாமலும் இருப்பதற்கும். மேலே மெலிந்து கீழே தடித்தால் மட்டுமே தன் எடையால் வரும் தகைவும் குறையும். இந்த ஒரு பத்தியைச் சரியாக எழுதினாலே கட்டுரையின் தரம் உயர்ந்துவிடும்.

திறப்புகள் பகுதிக்குத் தரைத்தள வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுமைச் சுவரில் ஜன்னலை அகலப்படுத்தினால் இடையிலுள்ள சுவர்த்துண்டு குறுகி, அதில் தகைவு ஏறும். அதனால் கீழ்த்தளத்தில், கடைக்காரருக்குக் கண்ணாடி மிகவும் தேவைப்படும் இடத்திலேயே, திறப்பு நெருக்கப்படுகிறது. தடித்த சுவர் வாடகைக்கு விடக்கூடிய இடத்தையும் தின்கிறது. முகப்புப் படத்தை மட்டும் நம்பாதீர்கள்: தெற்குப் பாதிக்கும் செங்கல் போர்வைதான்.

அடுத்த பகுதியில் ஒரு நுணுக்கம். வடக்குப் பாதி தூய சுவர்க் கட்டடம் அல்ல. உள்ளே இரும்புத் தூண்களும் காற்றை எதிர்க்கும் இரும்புப் பிணைப்பும் உண்டு. இதை மறைக்காமல் எழுதினால் வாதம் பலப்படும். அஸ்திவாரத்துக்கு சிகாகோவின் மென்களிமண்தான் ஆதாரம்: கனமான வடக்குப் பாதி, கட்டியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மண்ணில் இறங்கியது.

முடிவுரையில் சொன்னதையே திரும்பச் சொல்லாமல், உங்கள் வாதத்தை இன்னொரு கட்டடத்தில் சோதியுங்கள். 1885-ல் ஜென்னி கட்டிய ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் 'முதல் சட்டகக் கட்டடம்' என்று பெயர் பெற்றது, ஆனால் அதிலும் சுமை தாங்கும் கட்டுச்சுவர்ப் பகுதிகள் இருந்தன. 'முதல்' என்ற பட்டம் அதற்குப் பொருந்துமா என்று 200 சொல்லில் வாதிடுங்கள்.

படங்கள் இரண்டு போதும், இரண்டும் நீங்களே வரைந்தவை: சுமை இறங்கும் வழியை அம்புக்குறியிட்டுக் காட்டும் குறுக்குவெட்டு, ஒரே அளவுகோலில் இரு பாதிகளின் தரைத்தளம். வெட்டுப்பட்ட சுவரையும் தூணையும் கறுப்பாக நிரப்புங்கள்.