பவர்லிஃப்டிங் போட்டிக்கான பதினொரு வாரப் பயிற்சித் திட்டம்

தற்போதைய அதிகபட்சம்: ஸ்குவாட் 220 கிலோ, பெஞ்ச் பிரஸ் 145, டெட்லிஃப்ட் 250. பதினோராம் வார ஞாயிற்றுக்கிழமை போட்டி.

திரட்டல் கட்டம் (வாரம் 1 முதல் 5 வரை)

ஸ்குவாட் வாரம் இருமுறை, பெஞ்ச் மும்முறை, டெட்லிஃப்ட் ஒருமுறை. முதல் வாரம் ஸ்குவாட்டை 142.5 கிலோவில் எட்டு ரெப் வீதம் நான்கு செட்டும், இரண்டாம் வாரத்திலிருந்து ஐந்து செட்டும் செய்து, வாரந்தோறும் 5 கிலோ ஏற்றி, நான்காம் வாரம் 157.5-இல் முடியுங்கள். பெஞ்ச் 95-இல் தொடங்கி வாரத்துக்கு 2.5 கிலோ கூடும். அதுவும் ஐந்து செட், எட்டு ரெப். டெட்லிஃப்ட் 162.5-இல் ஆறு ரெப், நான்கு செட். இதற்கு வார ஏற்றம் 5 கிலோ. ரோயிங், லெக் பிரஸ் போன்ற துணைப் பயிற்சிகளுக்கு உரிய காலம் இதுதான். எந்த செட்டிலும் இன்னும் இரண்டு ரெப்புக்காவது தெம்பு மிச்சமிருக்க வேண்டும்.

மூன்றாம் வாரத்தில் கால்கள் கனத்து, வழக்கமான எடைகூட மந்தமாக எழும். சென்ற முறை அதைக் கண்டு பதறி நீங்கள் அதிகபட்சத்தைச் சோதித்துப் பார்த்தீர்கள். 210 கிலோ பாதியில் நின்றது, அதன் பின் ஒரு வாரப் பயிற்சி வீணானது. வலிமை குறையவில்லை, சோர்வு அதை மூடியிருந்தது, அவ்வளவுதான். இம்முறை சோதனை வேண்டாம். ஐந்தாம் வாரம் நான்காம் வார எடையையே வைத்துக்கொண்டு செட்டுகளைப் பாதியாக்குங்கள்.

தீவிரக் கட்டம் (வாரம் 6 முதல் 9 வரை)

ஸ்குவாட் 175 (4 ரெப், 5 செட்), 182.5 (3 ரெப், 5 செட்), 190 (3 ரெப், 4 செட்), 197.5 (2 ரெப், 4 செட்) என ஏறும். பெஞ்ச் 115, 120, 125, 130. டெட்லிஃப்ட் 200, 207.5, 215, 222.5, ரெப் கணக்கு ஸ்குவாட்டுக்கு உள்ளதே, டெட்லிஃப்ட்டில் மட்டும் ஒரு செட் குறைவு. துணைப் பயிற்சிகளைப் பாதியாகக் குறையுங்கள். செட்டுகளுக்கிடையே நான்கைந்து நிமிடம் ஓய்வு கட்டாயம். நான்காவது செட்டில் உங்கள் இடது முழங்கால் உள்ளே சரியும் பழக்கம் இருப்பதால், ஒவ்வொரு செட்டையும் முன்பக்கமிருந்து காணொளி எடுங்கள். சரிந்தால் அன்றைய மீதி செட்டுகளில் 5 கிலோ இறக்கிவிடலாம்.

வெளிப்பாட்டுக் கட்டம் (வாரம் 10, 11)

அதிகபட்ச வலிமை கனமான பயிற்சி நின்ற பிறகும் ஏறக்குறைய ஒரு மாதம் தங்கும் என்பது கட்டப் பயிற்சியை வகுத்த விளாதிமிர் இசூரினின் கணக்கு. ஆகவே இந்த இரு வாரங்களில் எதையும் இழந்துவிடுவோம் என்று அஞ்ச வேண்டியதில்லை. பத்தாம் வாரம் புதன்கிழமை டெட்லிஃப்ட் 232.5, வெள்ளிக்கிழமை ஸ்குவாட் 205, ஒவ்வொன்றும் ஒரே ரெப். போட்டி வாரம் செவ்வாய்க்கிழமை பெஞ்ச் 135 ஒரு ரெப். அன்றே ஸ்குவாட் 155-இல் இரண்டு ரெப் வீதம் இரு செட். புதன் முதல் சனி வரை நடைப்பயிற்சி மட்டும்.

முதல் முயற்சிகள்: 200, 132.5, 227.5. மூன்றாம் முயற்சி எடையை, இரண்டாவது எழுந்த வேகத்தைப் பார்த்து மேடையருகே நான் சொல்கிறேன்.