நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்பு: வெளியிடுமுன் சரிபார்க்க வேண்டியவை

கூட்டம்: 14.03.2025, வெள்ளி, காலை 10.30
உறுப்பினர்களுக்கு அனுப்பும் நாள்: 19.03.2025, புதன்

வருகைப் பதிவேடு, பொருள் நிரல், முந்தைய கூட்டக் குறிப்பு, பொருளாளர் அறிக்கை, கூட்டத்தில் எழுதிய கைக்குறிப்பு ஆகிய ஐந்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும். வரைவு எழுதியவர் சரிபார்க்க வேண்டாம். அவர் கண் தாம் எழுத நினைத்ததையே படிக்கும்.

பெயர்கள்
☐ ஒவ்வொரு பெயரும் முதலெழுத்தும் பதிவேட்டில் அவரவர் எழுதியபடியே உள்ளன. சுப்பிரமணியன் வேறு, சுப்ரமணியம் வேறு.
☐ வந்தவர், வர இயலாமை தெரிவித்தவர், தகவலின்றி வராதவர் பட்டியல்களில் எவர் பெயரும் இருமுறை இல்லை.
☐ முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் அந்நேரம் கூட்டத்தில் இருந்தவர்கள்.

தேதிகள்
☐ தேதியும் கிழமையும் நாட்காட்டியோடு பொருந்துகின்றன. அடுத்த கூட்டம் 11.04.2025, வெள்ளி.
☐ "விரைவில்", "அடுத்த வாரம்" எங்கும் இல்லை.

தொகைகளும் வாக்குகளும்
☐ ஒருவர் பொருளாளர் அறிக்கையை உரக்கப் படிக்க, மற்றவர் வரைவைப் பார்க்கவும். கூட்டுத்தொகையை மீண்டும் கூட்டவும். வித்தியாசம் 9 ஆல் மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: 1,25,000 என்பது 1,52,000 ஆனால் வித்தியாசம் 27,000.
☐ இலக்கத்தில் உள்ளதும் எழுத்தில் உள்ளதும் ஒன்றே.
☐ வந்தவர்கள் 17 பேர். ஐந்தாம் பொருள் முடிந்ததும் ஒருவர் விடைபெற்றார். ஆகவே ஆறாம் பொருளில் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை மூன்றும் சேர்ந்து 16 வர வேண்டும். முதல் வரைவில் 17 இருந்தது. கைக்குறிப்பைக் கட்டாயம் பார்க்கவும்.

வரிசை எண்
☐ தீர்மான எண் 38 இல் தொடங்குகிறது (சென்ற கூட்டம் 37 இல் முடிந்தது).
☐ நான்காம் பொருள் ஒத்திவைக்கப்பட்டது. அதன் எண்ணை நீக்காமல் "ஒத்திவைப்பு" என்று எழுதவும். நீக்கினால் "பார்க்க: 5.2" போன்ற குறிப்புகள் எல்லாம் தடம் மாறும்.

எழுத்து
☐ ல, ள, ழ; ர, ற; ன, ண. "விளக்கு அளிக்கப்பட்டது", "விலக்கு அளிக்கப்பட்டது" இரண்டையும் கணினி ஏற்கும். பொருளை நாம்தான் பார்க்க வேண்டும்.
☐ ஒற்று: நடவடிக்கைக் குறிப்பு, நிதிக் குழு.

பணியும் பொறுப்பாளரும்
மிகுந்த நேரம் இதற்கே ஒதுக்கவும். "ஆவன செய்யப்படும்" என்று எழுதினால் எவரும் செய்யமாட்டார்கள்.
☐ ஒவ்வொரு பணிக்கும் ஒரே ஒருவர் பெயர், ஒரே ஒரு தேதி. "குழு", "அலுவலகம்" பொறுப்பாளர் ஆகா.
☐ பொறுப்பு ஏற்றவர் கூட்டத்துக்கு வராதவர் என்றால், அவரிடம் தெரிவித்தாகிவிட்டது.
☐ உரைப்பகுதியில் உள்ள ஒவ்வொரு பணியும் கடைசிப் பக்க அட்டவணையில் அதே சொற்களில் உள்ளது.

முடிவின் சொற்களைச் சரிபார்ப்பவர் மெருகேற்றக் கூடாது. ஐயம் எழுந்தால் பக்க ஓரத்தில் குறித்துத் தலைவரிடம் கேட்கவும்.

☐ ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் "உறுதிசெய்யப்படாத வரைவு" என்று உள்ளது. 11.04.2025 கூட்டம் உறுதிசெய்த பிறகே அதை நீக்கலாம்.