மாணவர் ஆவணங்களுக்கு ஆண்டுதோறும் காப்பு நகல் வேண்டும்: பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதம்

திருநெல்வேலி,
7.4.2025

பெறுநர்:
முதல்வர் அவர்கள்

அனுப்புநர்:
கணினி ஆசிரியர்

பொருள்: மாணவர் பதிவேடுகளை ஆண்டுதோறும் நகலெடுத்துக் காப்பகப்படுத்த அனுமதி வேண்டுதல்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். போன மாதம் மும்பையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அலுவலகத்தில் அரை நாள் காத்திருந்தது தங்களுக்கு நினைவிருக்கும். 1990-இல் நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவர். மாற்றுச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு, பாஸ்போர்ட்டுக்காக நகல் கேட்டு வந்தார். சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது, தந்தையார் பெயரும் இருந்தது. பிறந்த தேதி மட்டும் 11-ஆ 17-ஆ என்று தெரியவில்லை. எழுத்தால் எழுதியிருந்த வரியோ முழுக்கக் கரைந்திருந்தது. தாங்கள் கையொப்பமிட மறுத்தது சரிதான். ஆனால் அவர் படியிறங்கிப் போனதை என்னால் மறக்க முடியவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஆறு சந்திப்பு ரயில் நிலைய வட்டாரத்திற்குள் புகுந்தபோது நம் கீழ்த்தள அறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அடித்தட்டில் இருந்த பதிவேடுகளை மொட்டை மாடியில் விரித்து உலர்த்தினோம். உலர்ந்தவை உப்பிப்போய், தாளோடு தாள் ஒட்டிக்கொண்டன. அந்த வாரம் நாற்காலி, மேசை, மின்விசிறி எல்லாவற்றுக்கும் சேதக் கணக்கு எழுதினோம். பதிவேடுகளை அந்தக் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

எல்லாம்தான் எமிஸ் தளத்தில் ஏற்றியாகிவிட்டதே என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். இப்போது படிக்கும் பிள்ளைகளின் விவரம் அதில் இருக்கிறது, உண்மை. 1990-இல் படித்தவரின் சேர்க்கைப் பதிவேடு அதில் இல்லை. மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டையும், கையொப்பமிட்ட தேர்ச்சிப் பட்டியலும், பெயர்த் திருத்தத்திற்குப் பெற்றோர் கொடுத்த விண்ணப்பங்களும் நம் பீரோவில் மட்டுமே இருக்கின்றன.

அலுவலகக் கணினியை நம்பவும் எனக்குத் துணிவில்லை. சென்ற வாரம் பழைய மதிப்பெண் பட்டியல் ஒன்றைத் திறந்தேன். அந்தக் காலத்து எழுத்துருவில் தட்டச்சு செய்தது; அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லாததால் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பித் தெரிந்தன. கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியவில்லை. பென் டிரைவில் ஒரு பிரதி இருக்கிறது என்றார்கள். அந்தப் பென் டிரைவ் யார் பையில் இருக்கிறது என்பதற்குத்தான் மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஆண்டுத் தேர்வு முடிந்து தேர்ச்சிப் பட்டியலில் தாங்கள் கையொப்பமிட்டதும், அந்த ஆண்டின் ஆவணங்களை ஸ்கேன் செய்து, இனி யாரும் திருத்தாத தொகுப்பாக மூடிவிட வேண்டும். கோப்புப் பெயரைப் பார்த்தாலே ஆண்டும் பொருளும் தெரிய வேண்டும்: `2024-25_serkkai.pdf` என்பது போல. பெயர்ப் பட்டியல்களை யூனிகோடு தமிழில் வைப்போம். மாற்றுச் சான்றிதழ்கள் மே, ஜூன் மாதங்களில் தொடர்ந்து கொடுக்கப்படுவதால் அவற்றின் அடிக்கட்டைகளை மட்டும் ஜூன் கடைசியில் தனியாகச் சேர்க்கலாம்.

மொத்தம் மூன்று பிரதிகள். ஒன்று அலுவலகக் கணினியில். மற்ற இரண்டும் கடவுச்சொல் இட்ட வெளி ஹார்டு டிஸ்க்குகளில். அவற்றில் ஒன்று தங்கள் அறை அலமாரியில் இருக்கட்டும். இன்னொன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டையில் தாளாளர் அலுவலக மாடியில் இருக்க வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று பிரதியும் ஒரே கட்டடத்தில் இருந்தால், அடுத்த வெள்ளத்திற்கு அவை ஒரே பிரதிதான். நகலெடுக்கும் நேரம் தவிர டிஸ்க்குகளைக் கணினியில் செருகி வைக்கவும் கூடாது. கணினியில் வைரஸ் புகுந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே கெடுத்துவிடும்.

பூட்டி வைத்த டிஸ்க் தானாகவும் பழுதாகும். எனவே ஐப்பசி மழைக்கு முன், செப்டம்பரில் ஒரு நாள், ஏதாவது பத்து மாணவர்களின் ஆவணங்களை அதிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். எடுக்க முடிந்தால்தான் அது காப்பு நகல். பிள்ளைகளின் ஆதார், சாதிச் சான்று போன்றவையும் இதில் அடங்குவதால், கடவுச்சொல்லை உறையில் இட்டு முத்திரை வைத்துத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் இருப்பது நல்லதல்ல. நான் மாற்றலாகிப் போனால் பள்ளிக்குச் சிக்கல்.

வண்ணார்பேட்டையில் விசாரித்தேன். இரண்டு டிஸ்க்குகளும் 12,000 ரூபாய்க்குள் முடியும். ஸ்கேன் செய்ய நம் நகல் இயந்திரமே போதும். இந்த ஆண்டுக்கு மூன்று வேலை நாள்கள் தேவைப்படும். நனைந்த பழைய பதிவேடுகளுக்கு எவ்வளவு நாளாகும் என்று இப்போது சொல்ல முடியாது. மே மாத விடுமுறையில் நானும் அலுவலக உதவியாளரும் வந்து, 1990-க்கு முந்தையவற்றில் தொடங்குகிறோம். அவற்றில்தான் மை வேகமாக மங்கி வருகிறது.

ஏப்ரல் 21-க்குள் தங்கள் அனுமதி கிடைத்தால் விடுமுறைக்கு முன்பே டிஸ்க்குகளை வாங்கிவிடலாம். அந்தப் பெரியவர் தம் தொலைபேசி எண்ணை அலுவலகத்தில் விட்டுப் போயிருக்கிறார். அவருடைய தேர்ச்சிப் பட்டியல் மேல்தட்டுக் கட்டுக்குள் இருக்கக்கூடும். முதலில் அதைத்தான் தேடப் போகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கணினி ஆசிரியர்